பயத்தின் மேல் போடும் பழி

ஆப்ஷன் விற்பனை பற்றிச் சொல்லித்தரும் வகுப்புகளில் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. நிஃப்டியின் ஆப்ஷன் பட்டியலைத் திரையில் விரிக்கிறார்கள். இன்றைய விலையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் புள்ளி கீழே உள்ள புட்டையும், அதே தூரம் மேலே உள்ள காலையும் சுட்டிக்காட்டுகிறார்கள். புட் இரண்டு மடங்கு விலை; சில நாள் மூன்று மடங்கு. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: பயம். சந்தை விழுந்துவிடுமோ என்று நடுங்குகிறவர்கள் கேட்ட விலை கொடுத்துப் புட் வாங்குகிறார்கள். பயம் காசாகி விற்பவர் பைக்கு வருகிறது. ஆகவே புட் விற்பது எளிய மாத வருமானம்.

இந்த விளக்கம் வகுப்பறைகளோடு நிற்கவில்லை. பங்குச்சந்தைச் செய்தி எழுதுகிறவர்களும் புட்டின் ஐ.வி. கூடினால் ‘அச்சம் அதிகரித்தது’ என்றே எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, மனித இயல்போடும் பொருந்துகிறது. ஆனால் கணக்கில் நிற்பதில்லை. கீழ்ப்பக்கத்து ஆப்ஷன்களின் கூடுதல் விலையில் பெரும்பகுதி, சந்தைக் குறியீடு உண்மையில் எப்படி நகர்கிறதோ அதற்கான விலை. பயம் என்ற ஒரே சொல்லால் அதை மூடிவிடுகிறவர்கள், விற்பவர் தலையில் என்ன ஏறுகிறது என்பதையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்கள்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். நிஃப்டி ஃபியூச்சர் 25,000. எக்ஸ்பைரிக்கு 30 நாள். 5 சதவீதம் கீழே 23,750 புட், 5 சதவீதம் மேலே 26,250 கால். வட்டியை விட்டுவிடுவோம். 1973-இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில், எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஆண்டுக்கு 13 சதவீதம் என்ற ஒரே ஏற்ற இறக்க அளவைப் போட்டால், புட்டின் விலை சுமார் 35 புள்ளி, காலின் விலை சுமார் 43. ஆம், கால்தான் அதிகம். விலை மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், கீழே பூஜ்யத்தோடு நின்றுவிடும் என்று அந்தச் சூத்திரம் கொள்வதால் வரும் விளைவு அது.

சந்தையில் இப்படி இருப்பதில்லை. அமைதியான ஒரு மாதத்தில் அந்தப் புட்டின் ஐ.வி. 16.5 சதவீதமும் காலின் ஐ.வி. 11.5 சதவீதமுமாக இருப்பது விசித்திரமல்ல. ஐ.வி. என்பது, சந்தை விலையைச் சூத்திரத்துக்குள் தலைகீழாகப் போட்டு எடுக்கும் ஏற்ற இறக்க அளவு. அந்த அளவுகளில் புட் சுமார் 82 புள்ளி, கால் சுமார் 26. ஸ்ட்ரைக் இறங்க இறங்க ஐ.வி. ஏறிக்கொண்டே போகும் இந்தச் சாய்வுதான் ஸ்கியூ. இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றால் அது ஸ்மைல். பங்குக் குறியீடுகளில் பெரும்பாலும் சாய்வுதான். அந்நியச் செலாவணியில்தான் புன்னகையைக் கொஞ்சம் ஒழுங்கான வடிவில் பார்க்கலாம்.

இனி மறுப்பு. புட் வாங்குகிறவரின் பயம்தான் விலையை ஏற்றுகிறது என்றால், அதே 23,750 ஸ்ட்ரைக்கில் இருக்கும் காலை என்ன செய்வது? ஃபியூச்சருக்கு 1,250 புள்ளி கீழே உள்ள அந்தக் காலை வாங்குகிறவர் பயந்தவர் அல்ல. சந்தை ஏறும் என்று பந்தயம் கட்டுகிறவர். ஆனால் அவரும் 16.5 சதவீத ஐ.வி.க்குத்தான் வாங்குகிறார். அதன் விலை 1,250-உம் 82-உம் சேர்ந்து 1,332. அந்தக் கால் மட்டும் 13 சதவீதக் கணக்கில் 1,285-க்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதை வாங்கி, ஃபியூச்சரை 25,000-க்கு விற்றால், கையில் இருப்பது 35 புள்ளி அடக்கத்தில் ஒரு புட். அந்தப் புட்டைச் சந்தையில் 82-க்கு விற்றால் 47 புள்ளி, எந்த ஆபத்தும் இல்லாமல். அப்படிப்பட்ட காசு கீழே கிடக்க எந்தப் புரோக்கர் அலுவலகமும் விடாது. ஆகவே ஒரே ஸ்ட்ரைக்கில், ஒரே எக்ஸ்பைரியில், புட்டுக்கும் காலுக்கும் ஐ.வி. ஒன்றுதான். விலை கூடியிருப்பது கீழ் ஸ்ட்ரைக்குகளுக்கு. புட்டுகளுக்கு என்று தனியாக அல்ல. ‘பயந்தவர்கள் வாங்கும் சரக்கு’ என்று புட்டை மட்டும் பிரித்துப் பேசும்போதே விளக்கம் தடம் மாறிவிடுகிறது.

திரையில் ஒரே ஸ்ட்ரைக்கின் கால் ஐ.வி.யும் புட் ஐ.வி.யும் வெவ்வேறாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். தெரியும். பெரும்பாலும் அது கணக்கின் பிழை. ஃபியூச்சர் விலைக்குப் பதிலாக ஸ்பாட் விலையைப் போட்டு, பொருந்தாத ஒரு வட்டி விகிதத்தையும் சேர்த்தால், கால் ஒரு பக்கமும் புட் மறுபக்கமும் நகர்ந்து தெரியும். தூரத்து ஸ்ட்ரைக்குகளில் இன்னொரு கோளாறும் உண்டு: காலையில் எப்போதோ நடந்த கடைசி வர்த்தகத்தின் விலை மதியம் வரை அப்படியே நிற்கும். அந்த விலையை வைத்து ஸ்கியூ பேசுகிறவர் இல்லாத ஒன்றை அளந்துகொண்டிருக்கிறார்.

சரி, கீழ் ஸ்ட்ரைக்குகளுக்கு ஏன் கூடுதல் விலை? விற்றவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒருவர் மேலே சொன்ன புட்டை 82-க்கு விற்றிருக்கிறார். இன்னொருவர் காலை 26-க்கு விற்றிருக்கிறார். மறுநாள் சந்தை 4 சதவீதம் விழுந்து ஃபியூச்சர் 24,000 ஆகிறது. ஐ.வி. 16.5-லேயே இருந்தால் புட் சுமார் 329-க்கு வரும். ஆனால் 4 சதவீத வீழ்ச்சியன்று ஐ.வி. அசையாமல் நிற்காது. 24 சதவீதத்துக்கு ஏறியது என்று வைத்தால் புட்டின் விலை சுமார் 527. நட்டம் 445 புள்ளி. அதில் ஏறக்குறைய 200 புள்ளி, ஏற்ற இறக்க அளவு கூடியதால் மட்டுமே வந்தது. இப்போது மறுபக்கம். சந்தை 4 சதவீதம் ஏறி ஃபியூச்சர் 26,000 ஆகிறது. ஐ.வி. 11.5-லேயே நின்றால் கால் சுமார் 227. நட்டம் 201 புள்ளி. ஏறும் சந்தையில் ஐ.வி. பெரும்பாலும் இறங்கும் என்பதால், பல நாள் அதைவிடக் குறைவு.

மூன்று மடங்கு விலை வாங்கிக்கொண்டு விற்ற பிறகும் புட் விற்றவரின் நட்டம் கால் விற்றவரின் நட்டத்தைப் போல இரண்டு மடங்கு. சூத்திரம் சொன்ன 35 புள்ளிக்கு விற்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

24 சதவீதம் என்பது மிகைப்படுத்தலாகத் தோன்றலாம். 2018 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீடு 4.1 சதவீதம் விழுந்தது. அன்று ஒரே நாளில் விக்ஸ் 17.31-லிருந்து 37.32-க்குப் போனது, இரு மடங்குக்கும் மேல். நம் ஊரிலும் 2024 ஜூனில் தேர்தல் முடிவை ஒட்டி இரண்டு நாட்களில் இரண்டு பக்கமும் பார்க்கக் கிடைத்தது. ஜூன் 3 அன்று நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியது. இந்தியா விக்ஸ் 24-க்கு மேலிருந்து 21 அளவுக்கு இறங்கியது. மறுநாள் நிஃப்டி 5.93 சதவீதம் விழுந்தது. விக்ஸ் 27-ஐ நெருங்கியது. வாக்கு எண்ணிக்கை முடிந்து பெரிய கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட நாள் அது. ஏற்ற இறக்க அளவு இறங்கியிருக்க வேண்டும் என்றுதான் பாடம் சொல்லும். விலை விழுந்ததால் ஏறியது.

விலை விழும்போது ஏற்ற இறக்கம் ஏன் கூட வேண்டும்? அதுவும் பயம்தானே என்று இந்த இடத்தில் எதிர்த்தரப்பு திரும்ப வரும். வரட்டும். இதற்கான பதில்களில் மிக வலுவானது பங்குகளுக்கு இடையேயான ஒத்தசைவில் இருக்கிறது; அதைச் சொல்ல யாருடைய மனநிலையும் தேவையில்லை.

50 பங்குகள் சம எடையில் சேர்ந்த ஒரு குறியீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பங்கின் ஏற்ற இறக்கமும் ஆண்டுக்கு 30 சதவீதம். எந்த இரண்டு பங்கை எடுத்தாலும் அவற்றின் ஒத்தசைவு 0.2 என்றால், அதாவது ஒன்று ஏறும்போது இன்னொன்று பெரும்பாலும் தன் போக்கில் போகிறது என்றால், ஒன்றின் அசைவை மற்றொன்று தின்றுவிடும். குறியீட்டின் ஏற்ற இறக்கம் 14 சதவீதம்தான் வரும். இப்போது எந்தப் பங்கின் தனி அசைவையும் தொடாமல் ஒத்தசைவை மட்டும் 0.7 ஆக்குங்கள். குறியீட்டின் ஏற்ற இறக்கம் 25 சதவீதத்தைத் தாண்டிவிடும். எந்தப் பங்கும் முன்பைவிட அதிகமாக ஆடவில்லை. எல்லாம் சேர்ந்து ஆடின, அவ்வளவுதான்.

ஏறும் சந்தையில் இந்த மாதம் வங்கி, அடுத்த மாதம் மென்பொருள், பிறகு மருந்து என்று முறைவைத்துப் போவார்கள். வீழ்ச்சியில் முறை கிடையாது. வெளிநாட்டு நிதி வெளியேறும்போது கூடையையே விற்கிறது. கடனில் வாங்கியவருக்கு மார்ஜின் அழைப்பு வரும்போது எதை விற்றால் உடனே காசாகுமோ அதை விற்கிறார். மோட்டார் காப்பீட்டுக்கும் வெள்ளக் காப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது: நகரத்தின் எல்லா வண்டிகளும் ஒரே நாளில் மோதிக்கொள்வதில்லை, ஆனால் ஏரி உடைந்தால் எல்லா வீட்டிலும் ஒரே இரவில் தண்ணீர் புகும்.

பயக் கோட்பாட்டுக்கு இங்கே ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. குறியீட்டு ஆப்ஷன்களின் ஸ்கியூ, அதே குறியீட்டில் உள்ள தனிப் பங்கு ஆப்ஷன்களின் ஸ்கியூவைவிடச் செங்குத்தானது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பதிவான உண்மை இது. பயப்படுகிறவர்கள் அதே மனிதர்கள். சொத்தும் அதே பங்குகள். தனி ஒரு நிறுவனம் திவாலாகலாம், குறியீடு திவாலாகாது. பயத்தின்படி பார்த்தால் தனிப் பங்கின் புட்தான் அதிகம் சாய்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஒத்தசைவு என்ற ஆபத்து குறியீட்டில்தான் இருக்கிறது. அதனால் சாய்வும் அங்கேதான் கூடுதலாக இருக்கிறது.

எதிர்த்தரப்பின் மிகப் பெரிய ஆயுதம் வரலாறு. 1987-க்கு முன்பு எஸ்&பி ஆப்ஷன்களில் ஐ.வி. ஏறக்குறைய தட்டையாக இருந்தது. அக்டோபர் 19-க்குப் பிறகுதான் சாய்ந்தது. அது இன்று வரை நிமிரவில்லை. ஆகவே அது ஒரு தழும்பு, ஒரு தலைமுறையின் கெட்ட கனவு என்கிறார்கள். தேதி சரி, காரணம் தவறு.

அன்று நடந்தது என்ன? டவ் ஜோன்ஸ் 508 புள்ளி, அதாவது 22.6 சதவீதம் விழுந்தது. எஸ்&பி 500 குறியீட்டின் வீழ்ச்சி 20.5 சதவீதம், ஆனால் அதன் ஃபியூச்சர் 28.6 சதவீதம் விழுந்தது. அந்த இடைவெளியில்தான் பாடம் இருக்கிறது. அக்காலத்தில் பெரிய ஓய்வூதிய நிதிகள் புட் வாங்குவதற்குப் பதிலாக ‘போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்’ என்ற முறையைக் கையாண்டன. சந்தை விழ விழ ஃபியூச்சரை விற்றுக்கொண்டே வந்தால் புட் வாங்கியதற்கு நிகரான பலன் கிடைத்துவிடும் என்பது அதன் கணக்கு. அதை வடிவமைத்தவர்களில் ஹேன் லேலண்ட், மார்க் ரூபின்ஸ்டீன் இருவரும் பேராசிரியர்கள். விலை படிப்படியாக நகரும், ஒவ்வொரு படியிலும் விற்க முடியும் என்பது அதற்கு அடிப்படை. பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்துக்கும் அதே அடிப்படைதான். அக்டோபர் 19 அன்று விலை படிகளைத் தாண்டிக் குதித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபியூச்சரை விற்க முயன்றார்கள், வாங்க ஆளில்லை, ஃபியூச்சர் குறியீட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

அன்று சந்தை கற்றுக்கொண்டது ஒரு அடக்க விலை: தயாரிக்க 35 புள்ளி ஆகும் என்று நினைத்த பொருளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது. புட் விற்ற வியாபாரி தன்னைக் காத்துக்கொள்ள, சந்தை விழும்போது விற்க வேண்டும். அதே நேரத்தில் மற்ற எல்லோரும் விற்கிறார்கள். போதாக்குறைக்கு மார்ஜினும் ஏற்றப்படுகிறது. அந்தச் செலவு விலைக்குள் வந்துவிட்டது. ரூபின்ஸ்டீனே பின்னர், 1994-இல் வெளியான கட்டுரையில், சந்தை விலைகளிலிருந்து இந்தச் சாய்வைப் படித்தெடுக்கும் முறையை உருவாக்கினார். நினைவுதான் காரணம் என்றால், 1987-ஐப் பார்த்திராத தலைமுறை வர்த்தக மேசைக்கு வந்ததும் சாய்வு கரைந்திருக்க வேண்டும். அது கரையவில்லை. 2008-இலும் 2020-இலும் அதே இயந்திரம் மறுபடி ஓடியது; 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 12.98 சதவீதம் விழுந்தது.

பெரிய ஏற்றங்களும் உண்டே என்பார்கள். உண்டு. எஸ்&பி 500 குறியீடு 2008 அக்டோபர் 13 அன்று 11.6 சதவீதம் ஏறியது. 2020 மார்ச் 24 அன்று 9.4 சதவீதம். தேதிகளைக் கவனித்தால் போதும். இரண்டும் சந்தை ஏற்கெனவே நொறுங்கி, ஐ.வி. உச்சத்தில் நின்ற நாட்கள். அன்று கால் விற்றவர் அதற்கேற்ற கொழுத்த விலை வாங்கிக்கொண்டுதான் விற்றார். அமைதியில் இருந்து திடீரென்று வரும் பெரும் அசைவு, பங்குக் குறியீட்டில் பெரும்பாலும் கீழ்நோக்கியே வருகிறது.

இன்னொரு சோதனை, சாய்வு திரும்பி நிற்கும் சந்தைகள். இயற்கை எரிவாயுவில் குளிர்காலத்துக்கு முன்பு மேல் ஸ்ட்ரைக் கால்களே விலை அதிகம். சோளம், சோயாவிலும் பயிர் வளரும் காலத்தில் அப்படித்தான். விக்ஸ் மீதான ஆப்ஷன்களில் கால்கள் எப்போதும் உயர்ந்தே நிற்கும். கையிருப்பு தீர்ந்தால் எரிவாயு விலை மேலே குதிக்கும். விலை எந்தப் பக்கம் குதிக்குமோ அந்தப் பக்கம் சாய்வு. 2018 நவம்பரில் அமெரிக்காவின் டாம்பா நகரில் இயங்கிய ஆப்ஷன் விற்பனை நிறுவனம் ஒன்று, இயற்கை எரிவாயுக் கால்களை விற்றுவைத்திருந்து, ஒரே வாரத்தில் வாடிக்கையாளர்களின் பணம் முழுவதையும் இழந்தது. அந்தக் கால்கள் விலை கூடியிருந்ததற்கு யாருடைய கோழைத்தனமும் காரணமல்ல என்பதை அவர்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள்.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லையா? இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளின் சராசரியில், குறியீட்டு ஆப்ஷன்களின் ஐ.வி., பின்னால் வந்த உண்மையான ஏற்ற இறக்கத்தைவிட உயர்ந்தே இருந்திருக்கிறது. புட் விற்பவருக்கு ஒரு உபரி உண்டு. பங்கு வைத்திருக்கும் நிதிகள் புட் வாங்குவதும், அதற்கான செலவை ஈடுகட்ட மேலே கால் விற்பதும் விலையை இன்னும் சாய்க்கின்றன என்பதும் சரி. ஆனால் சந்தையில் பெரும்பாலோர் பங்குகளை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு எந்த நாளில் பணம் மிகவும் தேவையோ அதே நாளில்தான் புட் பணம் கொடுக்கிறது. அப்படிப்பட்ட சரக்கைச் சராசரி அடக்கத்தில் யாரும் விற்கமாட்டார்கள். அந்த உபரி, மற்றவர்கள் தப்பாக விலை போட்டதால் கிடைக்கும் இனாம் இல்லை. கெட்ட நாளில் நின்று தாங்குவதற்கான கூலி.

தாங்க முடியாதவருக்கு அந்தச் சராசரி எவ்வளவு உதவும் என்பதற்கு விக்டர் நீடர்ஹாஃபர் ஒருவரே போதும். பெரும் புகழோடு இருந்த நிதி மேலாளர். எஸ்&பி ஃபியூச்சர் மீது ஏராளமான புட்டுகளை விற்றிருந்தார். 1997-இல் தாய்லாந்தில் ஏற்கெனவே பெரிய நட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று டவ் 554 புள்ளி, 7.2 சதவீதம் விழுந்தது. மார்ஜின் கட்ட முடியாமல் அவருடைய நிதி ஒழிந்தது. மறுநாளே சந்தை பெரிய அளவில் மீண்டது. சராசரியைக் கணக்கிடும் ஆராய்ச்சியாளரின் பட்டியலில் அந்தப் புட்டுகள் லாபத்தில்கூட முடிந்திருக்கலாம். அதுவரை அவருக்குக் கணக்குத் திறந்திருக்கவில்லை.

ஸ்கியூ கூடுதலா குறைவா என்று சொல்ல விரும்புகிறவர், சம தூரத்து இரண்டு பிரீமியங்களைப் பக்கத்தில் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஐ.வி. இரட்டிப்பான மாதத்தில் எல்லாப் பிரீமியமும் மாறும். 1,250 புள்ளி என்ற தூரமே அப்போது அருகாமை ஆகிவிடும். மேசைகளில் வழக்கமாகச் செய்வது, 25 டெல்டா புட்டின் ஐ.வி.யிலிருந்து 25 டெல்டா காலின் ஐ.வி.யைக் கழித்து, அதை நடு ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யோடு ஒப்பிடுவது. அந்த எண் அதன் பழைய அளவுகளோடு ஒப்பிடும்போது எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் பேச்சுக்கு அர்த்தம் வரும். வீழ்ச்சி நடந்துமுடிந்த பிறகு இந்த எண் பல நேரம் சுருங்குவதையும் பார்க்கலாம். நடு ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யே ஏறிவிட்டதுதான் காரணம்.

இந்த மறுப்புக்கும் ஒரு எல்லை உண்டு. நிஃப்டியின் வரலாற்றில் ஒரே நாளில் நடந்த மிகப் பெரிய அசைவு வீழ்ச்சி அல்ல. 2009 மே 18, மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பிந்தைய திங்கள்கிழமை. சந்தை திறந்த சில வினாடிகளில் மேல் சர்க்யூட்டைத் தொட்டு நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்ததும் மறுபடி தொட்டது. அன்றைக்கு வர்த்தகம் அத்தோடு முடிந்தது. நிஃப்டி 17.74 சதவீதம் மேலே. 2004 மே 17 அன்று இதே தேர்தல் காரணத்தால் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்த அதே குறியீடு. தேதி குறித்து வரும் நிகழ்ச்சிகளுக்கு முன்பு குதிப்பு எந்தப் பக்கமும் வரலாம். அந்த வாரங்களில் கால் பக்கமும் தூக்கிக்கொண்டு சாய்வு ஸ்மைலாக மாற அதுவே காரணம். 2009-இல் மேல் ஸ்ட்ரைக் கால்களை வெறுங்கையோடு விற்றிருந்தவர் அந்தத் திங்கள்கிழமை முழுவதும் எந்த விலைக்கும் திருப்பி வாங்க முடியாமல், அடுத்த நாள் சந்தை திறப்பதற்காக உட்கார்ந்திருந்தார்.